பெரியப்பாவுக்கு நான்கு நிமிடம்: ஒரு நினைவுப் படத்தின் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025

பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் மே மாதம் வருகிறது. அருப்புக்கோட்டையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தையற்கடை வைத்திருந்தவர் அவர். அன்றைக்கு வீட்டில் கூடுகிறவர்களுக்குக் காட்ட ஒரு சிறு படம் செய்து தரும்படி அண்ணன் கேட்டிருக்கிறார். மாதிரி என்று அவர் அனுப்பிய மூன்று காணொளிகளிலும் புல்லாங்குழல் ஒலிக்க, ரோஜா இதழ்கள் உதிர, புகைப்படங்கள் சுழன்று சுழன்று வந்தன. எழுத்துகளை நீக்கிவிட்டால் அது யாருடைய படம் என்று சொல்ல முடியாது. பாட்டு வேண்டாம், ஒரே ஒரு குரல் போதும் என்றேன். அண்ணன் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

அந்தக் குரல் அத்தையுடையதாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். பெரியப்பாவைச் சிறுவயதில் கண்டவர்களில் மிஞ்சியிருப்பவர் அவருடைய இந்தத் தங்கை மட்டும்தான்.

ஏப்ரல் 9

முதலில் குரல், பிறகு படங்கள் என்று வரிசை வகுத்துக்கொண்டேன். புகைப்படங்களை முதலில் அடுக்கிவிட்டால், பேசுகிறவர் அந்த அடுக்குக்கு விளக்கவுரை சொல்பவராகச் சுருங்கிவிடுவார். குரலின் நீளமே படத்தின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்று மாலை அத்தை வீட்டில் பதிவு செய்தேன். கூடத்தில் தரையும் சுவரும் வெறுமையாக இருப்பதால் குரல் எதிரொலித்தது. ஆகவே பீரோவும் மெத்தைகளும் துணிமூட்டைகளும் நிறைந்த உள்ளறையில் உட்கார்ந்தோம். மின்விசிறியையும் பக்கத்து அறையிலிருந்த ஃபிரிட்ஜையும் அணைத்தாயிற்று. பங்குனி வெயிலில் இது ஒரு மூத்தவருக்குத் தண்டனைதான் என்பதால், பதிவைக் கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மடித்த துண்டின் மேல் கைபேசியை வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தினேன். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடங்களிலெல்லாம் மூச்சுக்காற்று ஒலிவாங்கியில் மோதி ‘புஸ்’ என்று விழும்.

“அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் “தங்கமான மனுசர்” என்பதுதான் பதிலாக வரும். அது எல்லோரையும் பற்றி எல்லோரும் சொல்வது. அதனால், “அவர் உங்களுக்குத் தைத்துக் கொடுத்ததில் எது ஞாபகம் இருக்கிறது, அத்தை?” என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஆரம்பித்தார்: “பள்ளிக்கூடத்துப் பாவாடைதாம்ப்பா. அண்ணே அதுல மூணு விரக்கடை உள்ளுக்கு மடிச்சுத் தைச்சிருந்துச்சு.”

ஆண்டுக்கு ஒரு முறை அந்த மடிப்பைக் கொஞ்சம் பிரித்துவிடுவாராம். வெளுத்துப்போன நீலத்துக்குக் கீழே, வெயில் படாத புது நீலம் ஒரு பட்டையாக வெளியே வரும். பழைய மடிப்பு இருந்த இடம் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் பெரியப்பா வெள்ளை நாடா வைத்துத் தைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு இரண்டாவது நாடா. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கடைக்கு வந்து நின்றார்களாம்.

பேச்சு முடிந்ததும் அத்தையை அரை நிமிடம் அப்படியே அமைதியாக உட்கார்ந்திருக்கச் சொல்லி, வெற்று அறையின் ஒலியையும் பதிந்துகொண்டேன்.

ஏப்ரல் 13

பதினொரு நிமிடப் பதிவு 3 நிமிடம் 40 விநாடியாகக் குறைந்திருக்கிறது. நீக்கியவை பெரும்பாலும் உறவுமுறை விளக்கங்களும், இரண்டாம் முறை சொன்னவையும்தான். “என்ன சொல்ல வந்தேன்” என்று அவர் தடுமாறிய இடத்தை விட்டுவைத்தேன். தொடங்குமுன் அவர் இழுத்த மூச்சையும் தொடவில்லை. மூச்சை வெட்டினால், பேசுகிறவர் அறிவிப்பு வாசிப்பது போலாகிவிடுகிறது.

வெட்டிய இடங்களில் வெறும் நிசப்தத்தை வைக்கக் கூடாது. எவ்வளவு அமைதியான அறைக்கும் ஒரு மெல்லிய ஒலி உண்டு. அது திடீரென்று அறுந்தால் கேட்பவர் காதில் பள்ளம் விழுகிறது. அன்று பதிந்த வெற்று அறையின் ஒலியை அந்த இடங்களில் நிரப்பினேன்.

குரலின் அளவை உயர்த்துவதற்குத் தானாகச் சமன்செய்யும் வடிகட்டியைப் பயன்படுத்திப் பார்த்தேன். அது ஒரே ஓட்டத்தில் இயங்கும்போது, அவர் தாழ்ந்த குரலில் சொன்னதையும் இடைவெளிகளையும் மேலே தூக்கிவிடுகிறது. தயக்கம் எல்லாம் உரத்த மூச்சாகிறது. ஆகவே ffmpeg மென்பொருளில் முதலில் அளந்து, பிறகு பதிவு முழுவதையும் ஒரே அளவில் உயர்த்துவது என்று வைத்துக்கொண்டேன்:

```
ffmpeg -i kural.wav -af ebur128 -f null -
ffmpeg -i kural.wav -af "highpass=f=80,volume=9dB" -c:a pcm_s24le kural_16.wav
```

முதல் வரி, பதிவு முழுவதும் காதுக்கு எவ்வளவு உரப்பாகக் கேட்கிறது என்பதை அளக்கும் LUFS அலகில் −25 என்று காட்டியது. கேட்பதற்கு −16 அளவு வசதியாக இருக்கும் என்பதால் 9 டெசிபல் கூட்டினேன். உச்ச ஒலிகள் அப்போதும் எல்லைக்குள்ளேயே இருந்தன. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்ததில், தெருவில் போன லாரியின் உறுமல் அடங்கியது. அத்தையின் குரல் அதற்கு வெகு மேலே இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 20

இன்று முழுவதும் புகைப்படங்கள். தைக்கிறவர் எல்லாக் கல்யாண வீட்டுப் படங்களிலும் ஓரத்தில்தான் நிற்கிறார். தனியாக எடுத்த படங்கள் மிகக் குறைவு.

ஆல்பத்தில் இருந்த 6க்கு 4 அங்குலப் படங்களை ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, வருடினேன். நீளவாக்கில் 3600 புள்ளிகள் கிடைக்கின்றன. 1920 புள்ளி அகலமுள்ள திரைக்கு அது தாராளம். அதற்கு மேல் கூட்டினால் பெரும்பாலும் தாளின் சொரசொரப்புதான் கூடுதலாகத் தெரியும். எண்பதுகளின் வண்ணப் படங்கள் செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கின்றன. இருட்டில் மூடியே வைத்திருந்தாலும் அந்தக் காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் அப்படி ஆகிறது. தோலின் நிறம் நம்பும்படி வரும்வரை மட்டும் திருத்தினேன். முழுதும் புதிதாக்க முயன்றால், போய்விட்ட சாயத்தின் இடத்தில் நம் கற்பனையைத்தான் பூச வேண்டியிருக்கும்.

மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிக்க அண்ணன் கத்தியை எடுத்தார், தடுத்துவிட்டேன். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டினால் ஆனது. பிரித்தால் அது கண்ணாடியோடு போய்விடும், முகத்தோடு சேர்த்து. சட்டத்தோடு சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, நடுவில் ஓட்டை போட்ட கறுப்புத் துணியின் பின்னாலிருந்து கேமராவில் எடுத்தேன். கண்ணாடியில் நம் உருவம் விழாமல் இருக்க அந்தத் துணி.

சவமாகக் கிடத்தியிருந்தபோது எடுத்த படங்களையும் கொடுத்தார்கள். அவை வேண்டாம். இன்னொரு படத்தில், இப்போது பேச்சுவார்த்தை இல்லாத ஒரு உறவினரை வெட்டிவிடச் சொன்னார்கள். பெரியப்பா அவர் தோளில்தான் கை போட்டிருக்கிறார். கையை வைத்துக்கொண்டு தோளை வெட்ட வழியில்லை. படம் அப்படியே இடம்பெறும்.

ஏப்ரல் 27

அத்தையிடம் 1966ஆம் ஆண்டுப் பள்ளிக் குழுப்படம் இருந்திருக்கிறது! அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம், 8க்கு 6 அங்குலம். வரிசையின் கடைசியில் அத்தை நிற்கிறார். 1200 டிபிஐயில் வருடிப் பெரிதாக்கிப் பார்த்தால், பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு வெளிறிய கோடுகள் தெரிகின்றன. நாடாக்கள்.

இதை எங்கே வைப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. அத்தை “நாடா” என்று சொல்லும் நொடியில் காட்டினால் அது நீதிமன்றத்தில் சாட்சியம் காட்டுவது போல இருக்கும். பார்ப்பவர்கள் குரலை விட்டுவிட்டுப் படத்தைச் சரிபார்க்கத் தொடங்குவார்கள். கதை நடக்கும்போது கடையின் வாசலும், தையல் எந்திரத்தின் மேல் குனிந்த பெரியப்பாவும் போதும். குரல் முடிந்த பிறகு, ஒலி ஏதுமில்லாமல், குழுப்படம் 12 விநாடி நிற்கட்டும். கேட்டவர்கள் தாங்களே தேடிக்கொள்வார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. முழுப் படத்தையும் திரையில் பொருத்தினால், கோட்டின் தடிமன் இரண்டு புள்ளிதான் வருகிறது. தொலைக்காட்சியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். மெல்ல நெருங்கிப் போகும் அசைவைச் செய்து பார்த்தேன். அது “இதோ பார்” என்று விரல் நீட்டுகிறது. கடைசியில் படத்தின் பாதியை, அதாவது அத்தையின் வரிசையை மட்டும், அசைவில்லாமல் வைத்தேன். கோடு நான்கு புள்ளி. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் அது ஒரு பள்ளிக்கூடப் படம்.

மே 4

வெட்டு வேலை முடிந்தது. மொத்தம் நான்கு நிமிடம்: தொடக்கத்தில் 8 விநாடி ஒலியற்ற படம், பிறகு குரல், இறுதியில் குழுப்படம். இருபத்திரண்டு படங்கள் சேர்ந்திருக்கின்றன. சராசரி பதினோரு விநாடி என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுக்கவில்லை. ஒற்றை முகம் ஆறு விநாடியில் பார்த்து முடிகிறது. இருபது பேர் நிற்கும் கல்யாணப் படத்தில் அவர் எங்கே என்று கண் தேடவே அவ்வளவு நேரம் ஆகிவிடுவதால், அதற்குப் பதினெட்டு விநாடி விட்டேன். படம் மாறும் இடம் வாக்கியத்தின் முடிவில் விழாமல், சற்று முன்னதாகவோ பின்னதாகவோ விழும்படி வைத்தேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் ஒரு படம் மாறினால் பாடம் நடத்துவது போலாகிவிடும்.

அசைவு நான்கு படங்களுக்கு மட்டும், அதுவும் 10 விநாடியில் 3 விழுக்காடு பெரிதாகும் அளவுக்குத்தான். இவ்வளவு மெதுவான அசைவில் ஓரம் விநாடிக்கு மூன்று புள்ளிதான் நகர்கிறது. மென்பொருள் அதை முழுப் புள்ளிகளாக மாற்றும்போது படம் நடுங்குகிறது. மேசை விளிம்பு, கதவு நிலை போன்ற நேர்க்கோடுகளைப் பார்த்தால் நடுக்கம் உடனே தெரியும். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, அசைவைச் செய்து, பிறகு சுருக்கியதும் நின்றுவிட்டது. நிற்கவாட்டுப் படங்களின் இருபுறமும் கருஞ்சாம்பல் மட்டும் விட்டேன். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு முகத்தின் பின்னால் அதே முகம் பூதாகாரமாக நிற்கும்.

எழுத்து ஒரே இடத்தில்: பெயர், 1941–2024. ‘கண்ணீர் அஞ்சலி’ வேண்டும் என்று அண்ணன் கேட்டார். அதை வாசலில் வைக்கும் தட்டியில் போடலாம் என்றதும் சரி என்றுவிட்டார்.

மே 11

இன்று கூடத்துத் தொலைக்காட்சியில் பென் டிரைவில் போட்டுக் காட்டினோம். முதலில் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்ததால், பட அளவை அமைப்பில் மாற்ற வேண்டியிருந்தது. பாட்டு எப்போது வரும் என்று யாரோ கேட்டார்கள். குழுப்படம் வந்ததும் சித்தி, “அந்தா பாரு, ரெண்டு கோடு” என்று சொல்ல, பிள்ளைகள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். அத்தை, “எனக்கு அப்ப கால் கொசுக்கால் மாதிரி இருந்திருக்கு” என்றார். அண்ணன் இன்னொரு முறை போடச் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அதுவே சுருக்கிவிடுகிறது. அந்தக் கோடுகள்தான் முதலில் அழியும். ஆகவே ஆவணமாக இணைத்து அனுப்பினேன். வெட்டாத பதினொரு நிமிடப் பதிவையும் வருடிய படங்களையும் இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் யார் யார் நிற்கிறார்கள் என்ற பட்டியல் இன்னும் பாதியில் நிற்கிறது. கல்யாணப் படத்தின் பின்வரிசையில் மூன்று பேரை அத்தைக்கும் அடையாளம் தெரியவில்லை. அடுத்த வாரம் பாளையம்பட்டிப் பெரியவரிடம் கேட்க வேண்டும்.