அரக்குச் சேலையும் அறுபத்தாறு வயதும்

ஜூலை 21, 2025

வலக்கண்ணில் புரை நீக்கி இன்றோடு ஒன்பது நாள்கள் ஆகின்றன. இடக்கண்ணுக்கு அடுத்த மாதத்திற்குப் பிறகுதான் நாள் குறிப்பார்கள். சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு, அடுப்படிப் புகையில் நிற்காமல், வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கும் இந்த நாள்களில் பீரோவை ஒழுங்குபடுத்தலாம் என்று உட்கார்ந்தேன். மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றை மடியில் விரித்து, முதலில் வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஏறக்குறையக் கறுப்பாக, பச்சை லேசாகக் கலந்ததாகத் தெரிந்தது. பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது, கடையில் முதன்முதலாகப் பிரித்துக் காட்டிய அன்று பார்த்த நீலம் மடியில் கிடந்தது.

அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் கேட்கவேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். இன்று மாலையே கேட்டுவிட்டேன். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, மஞ்சள் வில்லை நீல ஒளியைத் தடுக்கிறது, அதனால் நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்கும், சிவப்பு அவ்வளவாக மாறாது என்றார். பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக நடப்பதால் நமக்கே தெரியாது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் சாம்பல் நிறம் என்று எண்ணி உடுத்திவந்த பருத்திச் சேலையை எடுத்துப் பார்த்தேன். அது வெளிர் ஊதா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டபோது, "இவ்வளவு பளிச்சென்று வேண்டாமே அம்மா" என்று மகன் சொன்னதும், சாம்பல் நிறத்தில் என்ன பளிச்சு என்று நான் குழம்பியதும் நினைவுக்கு வந்தன. இருவரும் ஒரே சேலையைப் பார்க்கவில்லை.

ஜூலை 24

நாத்தனார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பேத்திக்கு ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலேயே திருமணம். மண்டபம், சமையல், நகை எல்லாம் பேசி முடித்தபின், "வயசுக்குத் தக்கன உடுத்திட்டு வாம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புதுசு" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அவர் என்னிடம் அன்பில்லாமல் பேசியதே இல்லை. அவருக்கு எழுபத்துமூன்று, எனக்கு அறுபத்தாறு. தனக்குக் கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டு எடுத்திருப்பதாக அதே அழைப்பில் சொன்னார். அவருடைய கணவர் இருக்கிறார்; என் கணவர் 2021இல் போய்விட்டார்.

எழுபத்துமூன்றுக்குக் கிளிப்பச்சை தகும், அறுபத்தாறுக்கு அரக்கு தகாது என்றால், வயது என்ற சொல் இங்கே வேறொரு சொல்லுக்குத் திரையாக நிற்கிறது. வெள்ளைச் சேலை கட்டு என்று இன்று என்னிடம் யாரும் சொல்லமாட்டார்கள், சொல்ல வெட்கப்படுவார்கள். அந்த வெட்கம் வந்த பிறகுதான் "வயசுக்குத் தக்கன" என்ற சொல் இத்தனை புழக்கத்துக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 27

இதை நான் மற்றவர்கள் மீது மட்டும் சுமத்த முடியாது. ஒரு கைத்தறிக் கூட்டுறவுக் கடையில் முப்பத்தோராண்டுகள் சேலை எடுத்துக்காட்டி வேலை பார்த்தவள் நான். தாய்க்குச் சேலை எடுக்க மகனோ மகளோ வந்து நின்றால் நாங்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "அம்மாவுக்கா? அப்பாவும் வந்திருக்காங்களா?" என்று கேட்போம். வந்திருக்கிறார் என்றால் மாம்பழ மஞ்சள், அரக்கு, பச்சை இருக்கும் அடுக்குக்குக் கை போகும். முகம் மாறி, இல்லை என்று பதில் வந்தால் கை தானாகவே கீழடுக்குக்கு இறங்கும். அங்கே சந்தனம், சாம்பல், மங்கிய காவி, பாசிப்பயறு நிறம், மெல்லிய கரை. யாரும் எங்களுக்கு இதைக் கற்றுத்தரவில்லை. புதிதாகச் சேரும் பெண் ஒரு மாதத்தில் பார்த்தே கற்றுக்கொள்வாள். கூட வந்த தாய் மேலடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது எத்தனை முறை என் கண்ணில் பட்டிருக்கிறது! பார்த்தும் நான் கீழடுக்கிலிருந்தே எடுத்துப்போட்டேன். இன்று அந்தத் தாய்மார்களில் சிலருடைய முகம் எனக்கு நினைவிருக்கிறது; அது வலிக்கிறது.

வெளிர் நிறம்தான் முதியவர்களின் மரபு என்று சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மதுரைச் சுங்குடி என்பது துணியில் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளை நூலால் கட்டிச் சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்துப் புள்ளி எடுப்பது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் தொழில். அரக்கு, கத்திரிப்பூ நிறம், கறுப்பு என அடர்ந்த சாயத்தில்தான் வெண்புள்ளி எடுபடும். அந்தச் சுங்குடியைக் கோடை முழுவதும் உடுத்தித் திரிந்தவர்கள் எங்கள் தெருக் கிழவிகள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியை எடுத்துக்கொண்டாலும் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கறுப்பும் கட்டங்களாக மோதும், கரையோ கையகலம். அது ஆச்சிகளின் சேலை. ஆக, நிறம் என்றைக்கும் இளமைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. கணவன் இறந்தவளிடமிருந்துதான் அது பறிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 2

எந்தச் சேலை என்று முடிவு செய்துவிட்டேன். 2017இல் என் கணவருக்கு அறுபது நிறைந்தபோது மணிவிழாவுக்கு எடுத்தது. அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை, அதே மஞ்சளில் முந்தி, காஞ்சிபுரம் கோர்வை. கோர்வையில் உடலும் கரையும், ஊடைநூலை இழுத்துக்கொண்டு ஓடும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று பின்னப்படும். அதற்குத் தறியில் நெசவாளருக்குத் துணையாக இன்னொரு கை வேண்டும். எதிரெதிரான இரண்டு நிறங்கள் கலங்காமல் கோடு கிழித்தாற்போல் சந்திப்பது அந்த உழைப்பால்தான்.

அன்று எனக்கு ஐம்பத்தெட்டு. அதற்கு முந்தைய வாரம் வரை "இனி நீயெல்லாம் பளபளவென்று கட்டலாமா" என்று என்னைக் கேட்டவர்களே அந்தக் காலையில் இந்தச் சேலையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள், தலைநிறையப் பூ வைத்தார்கள், இரண்டாம் முறை தாலி கட்டியபோது அட்சதை போட்டார்கள். எண்பது நிறைந்தால் சதாபிஷேகத்துக்கும் இதையே செய்வார்கள். எண்பதை நெருங்கும் பெண் கூரைச்சேலையில் மணையில் அமரலாம் என்று ஒப்புக்கொள்ளும் ஊருக்கு, வயதானவள் உடம்பில் அரக்கு நிறத்தைப் பார்ப்பதில் உண்மையில் ஒரு கூச்சமும் இல்லை. மணையில் பக்கத்து இடம் காலியாகும்போதுதான் கூச்சம் பிறக்கிறது.

ஆகஸ்ட் 9

சேலையை வெளியே எடுத்தேன். எட்டாண்டுகளில் அதைப் பிரித்தது நான்கைந்து முறைதான் என்பதால் பயந்துகொண்டே பிரித்தேன். ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் சரிகை உடைந்து, பட்டு அந்தக் கோட்டோடு இற்றுவிடும். சன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பார்த்தேன். ஊசித்துளைகள் போல வெளிச்சம் கசிந்தால் கட்டக்கூடாது, கட்டினால் இடுப்பில் செருகும் இடத்தில் கிழியும். முந்தி அருகே ஓரிடத்தில் மட்டும் லேசாகக் கசிந்தது. அங்கே உட்புறம் மெல்லிய பட்டுத்துணி வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். மற்ற இடங்களில் கரையும் உடலும் சேரும் கோட்டை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்த்தேன், உறுதியாகவே இருக்கிறது.

இரவிக்கைதான் சிக்கல். பழையது மேற்கையில் பிடிக்கிறது, முதுகில் கொக்கி மாட்ட இப்போது தோள் வளைவதில்லை. முன்பக்கக் கொக்கி, முழங்கை வரை கை, கழுத்து சற்று ஏறியது என்று புதிதாகத் தைக்கச் சொன்னேன். தையல்காரப் பெண் கறுப்புத் துணியை எடுத்து வைத்து, அது சேலையின் நிறத்தை அடக்கிக் காட்டும் என்றாள். அடக்கிக் காட்டுவதற்காக நான் இதைக் கட்டவில்லை என்று சொல்லி, கரையின் கடுகு மஞ்சளிலேயே துணி எடுத்துக்கொடுத்தேன். சமையலறைத் தராசில் சேலை 780 கிராம் நின்றது. கழுத்தெலும்பு தேய்ந்தவளுக்கு அது ஒரு பாரம்தான்; முந்தியை மடிப்பு வைக்காமல் ஒற்றையாக விட்டுக் கையில் பிடித்துக்கொண்டால் தோளில் பாதிப் பாரம் குறையும்.

ஆகஸ்ட் 16

மகனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவன், "எனக்கு ஒன்றும் இல்லை அம்மா, அவர்கள் உங்களைப் பேசுவார்களே என்றுதான்" என்றான். இந்தச் சொல்லைத்தான் வெகுநாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கிற யாருமே தனக்காகத் தடுப்பதில்லை, எல்லாரும் இன்னொருவரின் வாய்க்கு அஞ்சியே தடுக்கிறார்கள். அவன் அஞ்சுவது பொய்யில்லை என்பதால் நான் கோபப்படவில்லை. பேசுவார்கள், பேசுவது என் காதில்தான் விழும், உன் காதில் விழாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் கண் கலங்கினான். 2017இன் மணிவிழாப் படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் தம்பிக்கு அறுபத்துமூன்று. காலை நடைக்கு ஆரஞ்சு நிறச் சட்டை போடுகிறான், பேரன் சட்டையா என்று கேலி செய்கிறார்கள். விடியாத நேரத்தில் சுற்றுச்சாலையில் லாரிக்காரன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் போடுகிறேன் என்று அவன் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. கேலியோடு அவனுக்கு முடிந்துவிடுகிறது. விலக்கிவைப்பது என்னை மட்டும்தான். ஆனாலும் பிடித்திருக்கிறது என்பதற்காகவே ஒரு சட்டையைப் போட ஓர் ஆணுக்கும் இந்த வயதில் காரணம் கேட்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30

நேற்றுத் திருமணம் முடிந்தது. மண்டப வாசலில் நாத்தனார் என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் இறுகியது. "இது தம்பி மணிவிழாச் சேலைல்ல?" என்றார். ஆமாம் அக்கா என்றேன். கரையைத் தொட்டுப் பார்த்தார். வேறொன்றும் சொல்லாமல் என்னை உள்ளே அழைத்துப்போய் மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார். முதல் வரிசையில் இடம் இருந்தது. ஆரத்தி எடுக்க என்னை அழைக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பின்வரிசையில் இருவர், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று பேசியது தெளிவாகக் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், இருவருக்கும் என் வயதுதான் இருக்கும், இருவரும் சந்தன நிறத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சாப்பாட்டுப் பந்தியில் என் எதிரே அமர்ந்தாள். பாயசம் வந்தபோது, இந்த அரக்கு இப்போது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கேட்கும்போது கோர்வையா, கரை எத்தனை அங்குலம், எவ்வளவு எடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எடுக்கிறாளோ இல்லையோ தெரியாது.

இன்று காலை சேலையை நிழலில் கொடியில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். பழைய மடிப்புக் கோடுகள் விழாதபடி மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை சரிகையில் படாமல் தள்ளி வைத்தேன். மயில்கழுத்துச் சேலையை உள்ளே வைக்கவில்லை. இடக்கண்ணுக்குச் செப்டம்பர் 12 என்று நாள் கொடுத்திருக்கிறார்கள்.