நாலாவது வரி

அந்தப் பெண் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: "இதுல எழுத முடியுமாண்ணா?" நான் சொன்ன பதிலும் சின்னதுதான்: "டச் ஸ்கிரீன்தாம்மா, எழுதலாம்." ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

எம்.பி.பி.எஸ். முதல் வருடம், வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அப்பாவோடு என் லேப்டாப் கடைக்கு வந்திருந்தாள். 60,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் முடியாது என்று அவர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். என்ன வேலைக்கு என்று கேட்டதற்கு அவள் மூன்று விஷயம் சொன்னாள். பெரிய பெரிய பிடிஎஃப் படிக்கணும், சார் அனுப்பும் ஸ்லைடு மேலேயே குறிப்பு எழுதணும், வகுப்பை ரெக்கார்டு பண்ணணும்.

முதல் விஷயத்தில் நான் செய்தது சரி. இன்றும் அதை அடித்துச் சொல்வேன். சீனியர் கொடுத்த அனாட்டமி புத்தகத்தை பென் டிரைவில் கொண்டு வந்திருந்தாள். ஸ்கேன் செய்த புத்தகம், 600 எம்பிக்கு மேல். அந்த விலைக்குள் என்னிடம் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று திரையை முழுக்க மடக்கி நோட்டு மாதிரி வைத்து எழுதக்கூடியது, பேனாவும் கூடவே வரும். ஆனால் ராம் 8 ஜிபி, போர்டிலேயே சால்டர் செய்தது, பின்னால் கூட்ட வழியில்லை. இன்னொன்று சாதாரண டச் லேப்டாப், 16 ஜிபி.

இரண்டிலும் அதே புத்தகத்தைத் திறந்து காட்டினேன். கூடவே ஒரு ஸ்லைடு ஃபைலும் பிரவுசரில் ஏழெட்டு டேபும். 8 ஜிபி மெஷினில் வேகமாகப் பக்கம் தள்ளினால் முதலில் வெறும் வெள்ளை வந்தது, அப்புறம் மங்கலாகப் படம், அப்புறம்தான் எழுத்து. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றது. மற்றதில் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

அப்பாவுக்கு அதன் காரணத்தையும் சொன்னேன். ஸ்கேன் பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ. 300 டிபிஐயில் எடுத்த ஒரு ஏ4 பக்கத்தில் 2480-க்கு 3508, அதாவது கிட்டத்தட்ட 87 லட்சம் புள்ளிகள். ஃபைலுக்குள் சுருங்கி அரை எம்பியாகக் கிடக்கும் பக்கம், திரைக்கு வர விரியும்போது ராமில் 26 எம்பி வரை பிடிக்கும். முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டால்தான் தடங்கல் இல்லாமல் படிக்க முடியும். விண்டோஸும் பிரவுசரும் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்ட 8 ஜிபியில் அதற்கு இடம் ஏது? அவர் தலையாட்டினார். "அப்ப 16தான் தம்பி."

அந்த 16-ஐக் கண்ணால் பார்க்கட்டும் என்று செட்டிங்ஸில் `System > About` பக்கத்தைத் திறந்தேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் திரையில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு அந்தப் பதிலைச் சொன்னேன்.

அதே பக்கத்தில், ராம் எழுதியிருந்த வரியிலிருந்து கீழே நாலாவது வரியில் `Pen and touch` என்று ஒன்று இருந்தது. அதற்கு நேரே `Touch support with 10 touch points`. பேனாவை அறியும் திரையாக இருந்தால் அந்த இடத்தில் பேனாவையும் சேர்த்தே எழுதியிருக்கும். என் விரல் அதற்கு மேலேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தாள். கையில் ரப்பர் முனை வைத்த குச்சிப் பேனா, எங்கோ வாங்கியது. "பாருங்கண்ணா" என்று ஒரு ஸ்லைடைத் திறந்தாள். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல், பிரேக்கியல் பிளெக்ஸஸ். ஐந்து வேர், மூன்று தண்டு, அப்புறம் கிளை கிளையாகப் பிரிந்து சேரும். நோட்டில் எழுதுவதுபோல் உள்ளங்கையின் ஓரத்தைத் திரையில் ஊன்றினாள். பக்கம் துள்ளிப் பெரிதானது. மறுபடி ஊன்றினாள், நரம்புக்குக் குறுக்கே ஒரு கோணல் கோடு விழுந்தது. கையைத் தூக்கிப் பிடித்து எழுதியபோது 'சி5' என்பது ஒரு கொப்புளம் மாதிரி வந்தது.

சாதாரண டச் திரைக்கு விரலும் உள்ளங்கையும் ஒன்றுதான், ரப்பர் குச்சியும் அதற்கு ஒரு தடித்த விரல். நிஜமான பேனா தனியாக ஒரு சிக்னல் அனுப்பும், அதை வாங்கிக்கொள்ள திரைக்கு உள்ளேயே ஏற்பாடு இருக்க வேண்டும். பேனா பக்கத்தில் வந்ததுமே திரை கையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் மனசு இவ்வளவு உறுத்தாது.

பொய் சொன்னேனா? விற்க வேண்டும் என்று சொல்லவில்லை, இரண்டுமே என் மெஷின்தான், எதை எடுத்தாலும் எனக்கு ஒன்றுதான். ராம் பற்றி அவ்வளவு நல்லபடியாக விளக்கிவிட்ட பிறகு முடிவு மாறிவிடக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. அவள் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு எது முக்கியம் என்பதை நான் முடிவு செய்துவிட்டு, அது தெரியாதபடி ஒரு பதில் சொன்னேன். அப்படித்தான் இப்போது தோன்றுகிறது.

திருப்பி எடுக்க வழியில்லை, ஆக்டிவேட் செய்த மெஷின். யுஎஸ்பியில் மாட்டும் டிராயிங் பேட் ஒன்றை வாங்கிய விலைக்கே கொடுத்தேன். கை பேடில், கண் திரையில். பழக ஒரு வாரம் ஆகும் என்பதையும், வகுப்பு பெஞ்சில் இரண்டையும் வைக்க இடம் போதாது என்பதையும் இந்தத் தடவை முன்கூட்டியே சொன்னேன். "ஹாஸ்டல்ல வச்சு எழுதிக்கிறேண்ணா" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரெக்கார்டிங்கிலும் ஒரு சிக்கல் என்றாள். சார் குரல் வந்து வந்து போகிறது, பக்கத்துப் பெண்ணின் இருமல் மட்டும் தெளிவாக இருக்கிறது. லேப்டாப் மைக் எதிரே உட்கார்ந்து பேசுபவருக்காகச் செய்தது. தூரத்துக் குரலை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். சவுண்ட் செட்டிங்ஸில் அந்த மைக்கின் பக்கத்துக்குப் போய் `Audio enhancements`-ஐ அணைத்துக் கொடுத்தேன். சார் சம்மதித்தால் ஃபோனை அவர் மேஜையிலேயே வைத்து ரெக்கார்டு செய்வது இதைவிட நல்லது என்றும் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. அதற்கு அவள் சொன்ன நன்றியை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

பேனா மெஷினையே கொடுத்திருந்தால்? நரம்பை அழகாக வரைந்திருப்பாள், பரீட்சைக்கு முந்தைய இரவு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 60,000 ரூபாய்க்குள் இரண்டும் சேர்ந்து வரவில்லை, அதுதான் நிஜம். எதை விடுவது என்று அவளல்லவா தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று ஒரு மனசு கேட்கிறது. காலேஜ் தொடங்காத பெண் எதைவைத்துத் தேர்ந்தெடுப்பாள் என்று இன்னொரு மனசு கேட்கிறது.

போன மாதம் ஒரு ஜூனியர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் அவளிடம்தான் கேட்டான், "அக்கா, இதுல எழுத முடியுமா?" அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாகிட்டயே கேளு."

நான் இரண்டு மெஷினிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து நாலாவது வரியைக் காட்டினேன். வித்தியாசத்தைச் சொன்னேன். பேனா உள்ளதில் ராம் 8 ஜிபிதான் என்றும் சொன்னேன். "நீ வரையறது அதிகமா இருக்குமா, ஸ்கேன் புத்தகம் படிக்கிறது அதிகமா இருக்குமா?"

"தெரியலண்ணா," என்றான் அவன். "இன்னும் கிளாஸே ஆரம்பிக்கல."