கட்டைவிரல் வலிக்குத் தப்பான பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று வாரம்

கட்டைவிரல் வலிக்கிறது என்று நேராக மருந்துக்கடைக்குப் போய் மணிக்கட்டுப் பட்டை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். மூன்று வாரம் வீண், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

வேலைப் பதில்கள், குழுச் செய்திகள், சில நாள் முழுக் கட்டுரை என்று எல்லாவற்றையும் போனிலேயே அடிக்கிற ஆள் நான். வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் அடிப்பேன். வலி தொடங்கியது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் எலும்பு துருத்தி நிற்குமே, அந்த இடத்தில். வேடிக்கை என்னவென்றால், அடிக்கும்போது பெரிதாகத் தெரியாது. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கும்போதும் பாட்டில் மூடியைத் திருகும்போதும்தான் சுளீர் என்று இழுக்கும்.

கடையில் அளவு பார்த்தார்களே தவிர எங்கே வலி என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்த பட்டை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது, கட்டைவிரல் ஓட்டை வழியாக ஜாலியாக வெளியே ஆடிக்கொண்டிருந்தது. பட்டை இருக்கிற தைரியத்தில் நான் முன்பைவிட அதிகமாகவே அடித்தேன்.

அப்புறம் டாக்டரிடம் போனபோது அவர் முதலில் பார்த்து முகம் சுளித்ததே அந்தப் பட்டையைத்தான். "விரல் வெளியிலதானே இருக்கு, இது எதைத் தடுக்குது?" என்று கேட்டார். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். கத்திவிட்டேன். டி குவெர்வெய்ன் என்று பெயர் சொன்னார். கட்டைவிரலை வெளிப்பக்கம் இழுக்கிற இரண்டு தசைநாண்கள் அந்த எலும்பின் மேல் ஒரு குறுகிய உறை வழியாகப் போகின்றன. உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். நான் பயந்துகொண்டிருந்த கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, வேறு சங்கதி. அதில் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போகும், பெரும்பாலும் இரவில் எழுப்பிவிடும். எனக்கு மரத்துப்போதல் என்பதே இல்லை.

கட்டைவிரலின் அடிப்பகுதியையும் சேர்த்து அசையவிடாமல் பிடிக்கிற தம்ப் ஸ்பைகா பட்டைக்கு மாற்றினார், வலிக்குப் பூச ஒரு ஜெல்லும் கொடுத்தார். சில வாரத்தில் குறையாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி என்றார், அதுவரை போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: குறைந்துவிட்டதா என்று பார்க்க அந்த விரல் மடக்கும் சோதனையைத் தினமும் நீங்களே செய்யாதீர்கள். நான் காலையும் மாலையும் செய்து, ஆறிக்கொண்டிருந்ததைக் கிளறிவிட்டேன்.

போன் பழக்கத்திலும் முதலில் தப்பாகத்தான் போனேன். தட்டுவதுதான் குற்றம் என்று நினைத்து, விரலை எடுக்காமல் இழுத்து எழுதும் முறைக்கு மாறினேன். ஒரு வாரம் ஆகியும் பலன் இல்லை. போனைத் தாங்கும் கையின் கட்டைவிரல்தானே இன்னமும் திரை முழுக்க நீண்டு அலைகிறது? போனை மேசையில் சாய்த்து வைத்து ஆள்காட்டி விரலால் அதே மாதிரி இழுத்து எழுத ஆரம்பித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. படுத்துக்கொண்டு அடிப்பதையும் அதோடு விட்டாச்சு.

இன்னொன்று, அடிப்பதைவிடத் திருத்துவதுதான் விரலை அதிகம் வாட்டியது. சொல்லின் நடுவே கர்சரை வைக்க எட்டி எட்டித் தொடுவது, அழிப்பு விசையை அழுத்தியபடியே இருப்பது. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் ஸ்பேஸ் பார் மேல் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கர்சர் கூடவே நகரும். அழிப்பு விசையிலிருந்து இடப்பக்கம் இழுத்தால் சொல் சொல்லாக அழியும். வேலை செய்யவில்லை என்றால் Glide typing அமைப்பில் Enable gesture cursor control, Enable gesture delete இரண்டும் அணைந்திருக்கிறதா பாருங்கள். ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும். இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்தேன் என்பதில்தான் எனக்கு வெட்கம்.

நீளமாக எழுத வேண்டியதைக் குரல் வழியே சொல்லிவிடுகிறேன். நிறுத்தற்குறிகளை அது கண்டபடி விடும், பெயர்களைக் கொலை செய்யும், ஆனால் திருத்துவதைக் கணினியில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். தினமும் அனுப்பும் நாலைந்து வாக்கியங்களுக்கு விசைப்பலகையின் சொந்த அகராதியில் இரண்டெழுத்துச் சுருக்கம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆறாவது வாரம் பாட்டில் மூடியை முனகாமல் திறந்தேன். பழைய பட்டை அலமாரியில் கிடக்கிறது. பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.