அந்த 43 ரூபாயைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிப் பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் வேலை டிஸ்கஷன் அறையில் தொடங்கும். நாலைந்து பேர் உட்கார்ந்து நாயகனையோ நாயகியையோ முதலில் பேசி உருவாக்குவோம். அதற்கென்று ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தோம். எண்பது கேள்விகள். பெயர், வயது, ஊர், நட்சத்திரம், பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, பிடித்த நடிகர், பயம், லட்சியம் என்று போகும். உதவி எழுத்தாளராகச் சேர்ந்த நாளில் அதை என் கையில் கொடுத்தார்கள். நானும் பல வருடம் எல்லாருக்கும் அதையே கொடுத்தேன்.

அந்தத் தாளை நான் கைவிட்டது ஒரு கண்டக்டரால். அரசு டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர்தான் அந்தத் தொடரின் நாயகன். மதுரைக்காரர், பெயர் பரமசிவம், வயது 54, மனைவி இல்லை, கல்லூரி முடித்த ஒரு மகள். எண்பது கேள்விக்கும் பதில் எழுதினோம், ஆறு பக்கம் வந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு பிடிக்கும், பழைய பாட்டு கேட்பார், நேர்மையானவர், மகள் மேல் உயிர். ஒன்லைன் போட்டு, சீன் ஆர்டர் போட்டு, பத்து எபிசோடுக்கு வசனமும் எழுதிவிட்டோம். படித்துப் பார்த்த இயக்குநர் கோபப்படவில்லை. "இவரைத் தூக்கிட்டு ஒரு ஸ்கூல் வாத்தியாரைப் போட்டாலும் இந்த சீன் எல்லாம் அப்படியே நடக்குமே?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். நடந்தது. பத்து எபிசோடிலும் கண்டக்டர் என்ற இடத்தில் வாத்தியார் என்று மாற்றினால் மூன்று வசனம்தான் இடித்தது.

அப்போதுதான் அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்றே யோசித்தேன். பிடித்த நிறம், பிடித்த பூ, உங்கள் லட்சியம் என்ற வகைக் கேள்விகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் நண்பர்கள் பொழுதுபோக்காக ஆல்பத்தில் எழுதிக்கொண்டவை. பிரெஞ்சு எழுத்தாளர் மார்சல் ப்ரூஸ்ட் 1880களில், பள்ளி வயதில், ஒரு தோழியின் ஆல்பத்தில் அப்படிப் பதில் எழுதினார். பிற்காலத்தில் அவர் பெயரிலேயே அந்தக் கேள்வித்தாள் பிரபலமாகிவிட்டது. அவர் அதை உருவாக்கவும் இல்லை, பாத்திரம் படைக்க அது பிறக்கவும் இல்லை. ஒருவர் தன்னை நண்பர்களிடம் அழகாகக் காட்டிக்கொள்ளும் விளையாட்டு அது. அதை நாயகனிடம் நீட்டினால் அவரும் தன்னை அழகாகக் காட்டிக்கொள்வார். எங்கள் பரமசிவமும் அதைத்தான் செய்திருந்தார்.

சரி, பரமசிவத்தையே கற்பனையில் எதிரே உட்கார வைத்துப் பேட்டி எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார். முதல் பேட்டி படுதோல்வி. "முப்பது வருஷமா மக்களுக்குச் சேவை செய்றேன், நேர்மைதான் என் சொத்து" என்று பணி ஓய்வுப் பாராட்டு விழா போலப் பேசிக்கொண்டே போனார். என் கேள்வி தவறா என்று ரொம்ப நேரம் குழம்பினேன். கேட்கிற ஆளில்தான் தவறு. அவரைப் பொறுத்தவரை நான் யார்? அவரிடம் எனக்கு எந்த வேலையும் இல்லை, என்னால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அப்படிப்பட்ட ஆளிடம் யாரும் மேடைப் பேச்சுதான் பேசுவார்கள்.

இடையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரிடம் இரண்டு மாலை பேசிக்கொண்டிருந்தேன். அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். டியூட்டி ஏறும்போது தன்னிடம் எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்று கண்டக்டர் வேபில் என்ற கணக்குத் தாளில் எழுத வேண்டும். நடுவழியில் செக்கிங் ஏறினால் டிக்கெட் கணக்கையும் பையில் இருக்கும் பணத்தையும் ஒத்துப் பார்ப்பார்கள். குறைந்தாலும் கேள்வி வரும், கூடினாலும் கேள்வி வரும். மாலையில் கணக்குக் கட்டும்போது குறைந்தால் கைக்காசு போட வேண்டும். எங்கள் எண்பது கேள்வியில் "உன் சட்டைப்பையில் இன்று எவ்வளவு இருக்கிறது?" என்று ஒன்று இல்லவே இல்லை.

மறுநாள் காலையில் பரமசிவத்தின் முன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டரை உட்கார வைத்தேன். அவர் கையில் பழைய வேபில்கள். நோட்டில் எழுதியது இது:

"தினமும் சொந்தப் பணம் 43 ரூபாய்னே எழுதியிருக்கீங்க. ஒருத்தன் 50 எழுதுவான், 20 எழுதுவான். உங்களுக்கு மட்டும் அதென்ன 43?"

"டீச்செலவுக்கு சார்."

"டீ குடிச்சா குறையணும்ல?"

"குடிக்கறதில்ல சார்."

அந்த 43 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கை ஓட்டத்தில் விழுந்த எண் அது. ஆனால் "குடிக்கறதில்ல சார்" என்ற பதிலைப் படித்ததும் இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று பட்டது. முதல் தடவையாக அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அவரிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் இன்ஸ்பெக்டரை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் மகளை உட்கார வைத்தேன். கேள்வி அதேதான்.

"அப்பா, துவைக்கப் போடும்போதெல்லாம் சட்டைப்பையில 43 ரூபா இருக்கு. யாரு காசு அது?"

"ஒரு அம்மாவோடதும்மா. மிச்சம் வாங்காம இறங்கிட்டாங்க. குடுக்கணும்."

"எப்போ இறங்கினாங்க?"

"அது இருக்கும்... நாலு வருஷம்."

ஏழு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் நோட்டு கொடுத்திருக்கிறார் அந்த அம்மா. சில்லறை இல்லாததால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்திருக்கிறார் பரமசிவம். கூட்டத்தில் அந்த அம்மா அதை வாங்க மறந்து இறங்கிவிட்டார். திருப்பரங்குன்றத்திலிருந்து முதல் டிரிப்பில் ஏறி, பெரியாஸ்பத்திரியில் இறங்கித் துப்புரவு வேலைக்குப் போகிறவர். தினமும் வருகிறவர்தான். அப்படியென்றால் நாலு வருடமாக ஏன் கொடுக்கவில்லை? மகளும் அதைத்தான் கேட்டாள். "மறந்து போகுதும்மா" என்றார். தினமும் வேபில்லில் எழுதுகிற எண் எப்படி மறக்கும்?

மூன்றாவதாக அந்த அம்மாவையே உட்கார வைத்தேன். அவருக்குப் பணம் ஞாபகமே இல்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏய்யா, இன்னைக்கு என்ன வண்டி லேட்டு?"

பரமசிவத்தின் பதில் முக்கால் பக்கம் போயிற்று. வண்டி லேட்டானதைப் பற்றி ஒரு வரி. மீதி முழுக்க, கேட்காத பணத்தைப் பற்றி. அன்றைக்கு மாலை கணக்கு 40 ரூபாய் குறைந்ததாம், மாதக் கடைசியாம், கையில் காசு இல்லையாம், அந்த அம்மாவின் பணத்தை எடுத்துக் கட்டினாராம், மறுநாள் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று இருந்தாராம், அவர் கேட்கவே இல்லையாம். சம்பளம் வந்ததும் 43 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தாராம். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்த பிறகு அந்த அம்மா காசே நீட்டுவதில்லை. பூஜ்ய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர வேண்டியதுதான். முன்பென்றால் மிச்சச் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போயிருக்கலாம். இப்போது அவராகப் பேச்சை எடுக்க வேண்டும்.

இந்தக் கண்டக்டரின் இடத்தில் வாத்தியாரை வைக்க முடியாது.

டிஸ்கஷனில் இதைச் சொன்னபோது எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் உடனே ஒரு நண்பர், "இதுக்குப் பின்னாடி பெரிய காயம் ஒண்ணு வேணும், சின்ன வயசுல அப்பாவைத் திருடன்னு சொல்லியிருக்கணும்" என்றார். இந்த இடத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். "உன் வாழ்க்கையின் பெரிய காயம் என்ன?" என்ற கேள்வி எல்லாக் கேள்வித்தாளிலும் இருக்கிறது. அதற்கு வருகிற பதில் ஏற்கனவே பார்த்த ஃபிளாஷ்பேக்காகத்தான் இருக்கும். விபத்து, அவமானம், செத்துப்போன அப்பா. பெரிய கேள்விக்கு மூளை எட்டின தூரத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. 43 ரூபாய் போன்ற சின்னக் கணக்கைக் கேட்டால் அப்படி எடுத்துக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருப்பதில்லை, தேட வேண்டியிருக்கிறது.

இப்போது என் கேள்விகள் நாலைந்துதான். இன்று கையில் எவ்வளவு இருக்கிறது, அதில் யாருடைய பணம் எவ்வளவு? யாரைக் கண்டால் வழி மாறிப் போவாய்? கடைசியாகச் சொன்ன பொய் எது, யாரிடம்? நீ கேட்பது கிடைத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? கடைசிக் கேள்வி தொடரின் மோதலை நேராகக் கொண்டுவந்துவிடும். பரமசிவம் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் அவரைப் பார்த்து மரியாதையாக எழுந்து நிற்கும் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். அவர் மகள் அதே பஸ்ஸில் வருகிறாள்.

இந்தக் கேள்விகளைவிட, யார் கேட்பது என்பதில்தான் நேரம் செலவிடுகிறேன். அதிகாரம் உள்ள ஒருவர், அன்பு உள்ள ஒருவர், நாயகன் கடன்பட்ட ஒருவர். ஒரே கேள்வியை மூவரும் கேட்க வேண்டும். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் நான் இன்னும் அவரைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். பதில்கள் எங்கே முரண்படுகின்றனவோ அங்கே சீன் இருக்கிறது. அப்புறம், பதிலின் நீளத்தைக் கவனிப்பேன். கேட்டதற்கு மேல் ஒருவர் பேசினால் அந்த மிகுதியில்தான் விஷயம் இருக்கிறது. நேர்மை, பாசம், தியாகம் என்ற சொற்கள் வந்தால் அது நான் எழுதியது, அவர் பேசியது இல்லை. அடித்துவிடுவேன்.

ஒரு உட்காரலுக்கு நாற்பது நிமிடம், கையால் எழுத்து, நிறுத்தாமல். ஒரு சீன் கண்ணுக்குத் தெரிந்ததும் பேட்டியை நிறுத்திவிடுவேன். ஒரு தொடருக்கு இரண்டு மாதம் பேட்டி மட்டும் எடுத்து, எழுத உட்கார்ந்தபோது அலுத்துப்போன அனுபவம் உண்டு. நாயகனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதால் எழுதிக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. இன்னொன்று, பேட்டியில் சொன்னதை நாயகன் காப்பாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. உண்மையைச் சொல்ல மகளை முன்னால் அனுப்புவேன் என்று பேட்டியில் பரமசிவம் சொல்லியிருந்தார். பதினான்காம் எபிசோட் எழுதும்போது அவர் மகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டார். நோட்டில் இருந்ததை விட்டுவிட்டு எபிசோடில் நடந்ததை வைத்துக்கொண்டேன்.

பேட்டியில் இருந்த எதையும் வசனமாக நாங்கள் வைக்கவில்லை. 43 என்ற எண்ணை முதல் ஆறு எபிசோடில் யாரும் உச்சரிக்கவே இல்லை. படப்பிடிப்பின் முதல் நாள் நடிகர் என்னிடம் வந்து, "சட்டைப்பையில் என்ன இருக்கும் சார்?" என்று கேட்டார். சொன்னேன். புரொடக்ஷன் ஆளிடம் கேட்டு இரண்டு இருபது ரூபாய் நோட்டும், ஒரு இரண்டு ரூபாய், ஒரு ஒரு ரூபாய் நாணயமும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அன்று எடுத்த சீனில் அந்த அம்மா ஏறுகிறார், டிக்கெட் வாங்குகிறார், உட்காருகிறார், அவ்வளவுதான். டிக்கெட்டைக் கொடுத்த கையை நடிகர் பைக்குள் விடவில்லை. சட்டைப்பையின் மேல் வைத்து, நாணயம் சத்தம் போடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.