நாலு பேர், ஞாயிறு இரவு எட்டரை மணி: குரூப் 4 படிப்புக் குழு ஆறாவது வாரத்தைத் தாண்டிய விதம்

சேலத்தில் குரூப் 4 படிப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது பத்து நிமிட வேலை. அது ஏழாவது வாரம் உயிரோடு இருக்குமா என்பதுதான் சிக்கல். முதல் மூன்று வாரம் எல்லோரும் எழுதுவார்கள். நாலாவது வாரம் ஒருவர் எழுத மாட்டார். ஐந்தாவது வாரம் அவர் எழுதாததைப் பார்த்து இன்னொருவர் எழுத மாட்டார். அதற்குப் பிறகு அங்கே வருவதெல்லாம் நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப்தான்.

ஆளைத் தேடும்போதே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. கோரிமேட்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டமும் மாவட்ட மைய நூலகத்தின் வாசிப்புக் கூடமும் தேடுவதற்கு நல்ல இடங்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு வாரம் அதே நாற்காலியில் பார்த்தால் கேட்டுப் பார்க்கலாம். நெருங்கிய நண்பர் வேண்டாம், "பரவாயில்லடா" என்று விட்டுவிடுவார். அண்ணனோ கணவரோ வேண்டாம், கணக்குக் கேட்பது இரண்டாவது வாரமே திட்டாக மாறிவிடும். முகம் தெரிந்த, ஆனால் நமக்கு எந்தக் கடனும் படாத ஆள்தான் சரி. அதே தேர்வு, ஏறக்குறைய அதே அளவு நேரம், இந்த இரண்டும் ஒத்துப்போனால் போதும். முழுநேரம் படிப்பவரையும் நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைப்பவரையும் ஜோடி சேர்த்தால் பின்னவர் வாராவாரம் குறுகிப்போவார்.

எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் குழுவே இல்லை. ஆறேழு பேர் என்றால் ஒருவர் வராதது யாருக்கும் தெரியாது. எங்கள் கணக்கில் நாலு. கடை வீதி ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர் ஒருவர், ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகத்தில் இருப்பவர் ஒருவர், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிக்கும் அம்மாப்பேட்டைக்காரர் ஒருவர், மாலையில் டியூஷன் எடுப்பவர் ஒருவர். நாலு பேருக்கும் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. ஒத்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

முதலில் மூன்று வாரம் மட்டும் என்று பேசிக்கொள்வது நல்லது. பிடிக்காதவர் மனக்கசப்பு இல்லாமல் விலக அது வழி விடும். இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் இதோடு சேர்க்க வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செயல் தன்னால் வரும் பழக்கமாக ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய சேதம் செய்யவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. மூன்று வாரம் ஆளைத் தெரிந்துகொள்ளத்தான்.

ஞாயிறு இரவு எட்டரைக்குப் பேச்சு, அதிகபட்சம் 25 நிமிடம். அதற்குள் ஒவ்வொருவரும் எழுத்தில் கணக்கு வைத்துவிட வேண்டும். ஜவுளிக் கடைக்காரர் நாலாவது வாரம் போட்டது இது:

சொன்னது: தமிழ் 3 இயல், கணக்கு 40.
செய்தது: தமிழ் 2 இயல், கணக்கு 25.
எங்கே நின்றது: வியாழன், வெள்ளி கடை அடைக்க 11 ஆயிற்று.
அடுத்த வாரம்: தமிழ் 2 இயல், கணக்கு 30. கணக்கு காலையில், கடைக்குக் கிளம்பும் முன்.

நாலே வரி. "நல்லா படிச்சேன்" என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை. எண்ண முடிந்ததை மட்டும்தான் எழுத முடியும். மூன்றாவது வரியில் காரணத்தைவிட நாளும் நேரமும் முக்கியம். அதைப் பார்த்துத்தான் கணக்கை இரவிலிருந்து காலைக்கு மாற்றச் சொன்னார்கள். தேர்வில் கணக்குப் பகுதி 25 கேள்விதான், ஆனால் களைத்த தலையோடு உட்கார்ந்தால் முதலில் கைவிடுவது அதைத்தான்.

பேச்சில் ஆளுக்கு ஐந்து நிமிடம். பாடச் சந்தேகம் அங்கே கிடையாது. ஒரு லாப நட்டக் கணக்கை எடுத்தால் இருபது நிமிடம் போய்விடும், கடைசி ஆள் "என்னுது அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார். சந்தேகத்துக்கும் பிடிஎஃப்புக்கும் தனிக் குழு போட்டுக்கொள்ளலாம். ஒன்றாக வைத்தால் நாற்பது ஃபார்வர்டுக்கு நடுவில் அந்த நாலு வரியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜூன் கடைசியில் தொடங்கிய குழுவுக்கு ஆறாவது வாரம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். சேலத்தில் அது கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரம். ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்களிலெல்லாம் சேர்ந்தாற்போல் விழா, வீட்டுக்கு விருந்தாளிகள், ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடி. அம்மாப்பேட்டைக்காரர் அந்த ஞாயிறு எழுதவில்லை, அடுத்த ஞாயிறும் இல்லை. பெரும்பாலான குழுக்கள் உடையும் இடம் இது. காரணம் சோம்பல் இல்லை, கூச்சம். இரண்டு வாரம் ஒன்றும் செய்யாதவர் மூன்றாவது வாரம் வெறும் கையோடு வர வெட்கப்படுவார். "எல்லாத்தையும் சேத்து முடிச்சுட்டு வரேன்" என்று நினைப்பார், சேர்ந்தது மலையாகிவிடும்.

இதற்கென்று முதல் வாரமே இரண்டு விதி பேசி வைத்திருந்தோம். ஒன்றும் செய்யாத வாரம் "0" என்று போட்டால் போதும், அதுவும் கணக்குதான், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாவது, அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு எழுதாவிட்டால் ஏற்கெனவே பேசி வைத்த ஒருவர் மட்டும் தனியே போன் செய்வார். குழுவில் பெயர் சொல்லிக் கேட்பது கிடையாது. போன் செய்தவர் டியூஷன்காரர்.

"அக்கா, எந்த நாள்லேருந்து விட்டுப்போச்சு?"

"கம்பம் நட்ட அன்னிலேருந்தே போச்சுப்பா. இனிமே எங்க?"

"பழசு வேண்டாம்க்கா. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு ஒரு இயல் மட்டும் போடுங்க."

"ஏன் படிக்கல" என்று கேட்டிருந்தால் சாக்குதான் வந்திருக்கும். திரும்பி வரும் வாரத்தின் இலக்கு வழக்கத்தில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும், பழைய பாக்கியைச் சேர்க்கவே கூடாது.

எழுதாதவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் போடலாமா என்ற யோசனை எல்லாக் குழுவிலும் வரும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வின்படி தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. காசு கட்டியாயிற்று, குற்ற உணர்ச்சி எதற்கு என்றாகிவிடுகிறது. படிப்புக் குழுவில் இன்னொரு கேடும் உண்டு. ஐம்பது ரூபாய்க்காக 25 கணக்கை 40 என்று எழுதத் தொடங்குவார்கள். பொய்க் கணக்கு வந்துவிட்டதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: சொன்னதும் செய்ததும் மூன்று வாரம் தொடர்ந்து அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், மூன்றாவது வரி காலியாக இருக்கும்.

பன்னிரண்டாவது வாரம் திரும்பவும் உட்கார்ந்து, தொடர்வதா என்று பேசிவிட வேண்டும். அதற்கு முன் நாட்காட்டியை எடுத்து இடைஞ்சலான வாரங்களைக் குறித்துக்கொண்டோம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ஜவுளிக் கடைக்காரருக்குப் பாதி இலக்கு. நவம்பரில் காப்பிப் பழம் எடுக்கத் தொடங்கினால் ஏற்காட்டுக்காரருக்கு ஞாயிறு இரவு கூலிக் கணக்கு இருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான், பேச்சைத் திங்கள் காலை ஆறு மணிக்கு மாற்ற முடியுமா என்று. மூன்று பேர் சரி என்றார்கள். டியூஷன்காரர் மட்டும் அலாரம் வைக்க வேண்டியிருந்தது.