முப்பது விநாடியில் ஒரு தோசைக்கல்

கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்படப் பட்டறை ஒன்றில் தோசைக்கல் வார்த்து வாங்கி, வீட்டிலேயே எண்ணெய் தடவிப் பழக்கி, ஆன்லைனில் விற்கிறோம். 10 அங்குலக் கல். புகைப்படங்கள் ஆறும் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் கல் திரும்பி வந்துகொண்டே இருந்தது. காரணம் எழுதும் இடத்தில் மூன்றே மூன்று புகார்கள்தான் மாறி மாறி வரும்: இவ்வளவு கனமா, நினைத்ததைவிடச் சின்னது, படத்தில் இருந்த கரண்டி எங்கே.

வீடியோ போட்டால் சரியாகும் என்று கொழுந்தன் சொன்னார். விற்பனைப் பக்கத்துக்கு முப்பது விநாடி போதும் என்றார். அன்று இரவே உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதினேன். "பாரம்பரிய முறையில், பாட்டி கைப்பக்குவத்தில்..." என்று ஆரம்பித்து ஒரு பக்கம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தால் 58 விநாடி. மூச்சு வாங்காமல் படித்தும் அவ்வளவு. நம் சொற்கள் நீளம். நிதானமாகப் பேசினால் முப்பது விநாடிக்கு ஐம்பது சொல் தாண்டாது. தவிர, பஸ்ஸில் போகும்போது சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பாதிப் பேர் பார்ப்பார்கள். நானே அப்படித்தான். அதனால் குரலை மொத்தமாக விட்டுவிட்டேன். கல்லின் சத்தம் மட்டும், மேலே எழுத்தில் ஒரு வரி.

பிறகு அந்த மூன்று புகாரையும் எடுத்து வைத்துக்கொண்டு திரும்ப எழுதினேன். ஒவ்வொரு குளோசப்பும் ஒரு கேள்விக்குப் பதில். அதன் மேல் வரும் வரி, அந்த ஷாட்டில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். தெரியாததைச் சொன்னால் அது விளம்பரம், யாரும் நம்புவதில்லை.

கடைசியில் நின்ற ஸ்கிரிப்ட் இது:

0–4: தோசைத்திருப்பி ஓரத்தில் நுழைகிறது, தோசை எழுகிறது. "பழக்கிய கல். ஓரம் தானே எழும்."
4–9: சமையலறைத் தராசில் கல், எண் தெரிய. "கனம் 2.4 கிலோ."
9–14: கல்லின் மேல் விரித்த கை, பக்கத்தில் இஞ்சுடேப். "குறுக்களவு 10 அங்குலம்."
14–20: முதல் தோசையை எடுத்த கையோடு அடுத்த மாவு விழுகிறது, சுர்ர். "அடுத்தடுத்து ஊற்றலாம். சூடு சட்டென இறங்காது."
20–26: துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் தேய்ப்பது. "ஈரம் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்."
26–30: திறந்த பெட்டி, உள்ளே கல். "பெட்டியில் கல் மட்டும்."

நாலாவது வரிதான் அதிகம் அலைக்கழித்தது. முதலில் "சூடு சீராகப் பரவும்" என்று எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? பட்டறைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். "வார்ப்பிரும்பு சூட்டைப் பரப்பாதுங்க, பிடிச்சு வெச்சுக்கும். பரப்புறது அலுமினியம்." வீட்டுக்கு வந்து சின்ன பர்னரில் கல்லை வைத்து உடனே ஊற்றிப் பார்த்தேன். நடுவில் சிவந்து, ஓரம் வெளுத்துக் கிடந்தது. மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிட்ட பிறகுதான் ஓரமும் நடுவும் ஒரே நிறம். பழைய வரியோடு போட்டிருந்தால் அந்த வெளுத்த ஓரத்தைப் படமெடுத்து ரிவ்யூவில் போட்டிருப்பார்கள். கனமான இரும்பு என்பதால் குளிர்ந்த மாவு விழுந்தாலும் சூடு அவ்வளவு குறையாது என்பது உண்மை. அதைக் காட்டவும் முடியும்: வெட்டாமல் ஒரே ஷாட்டில், ஒன்றை எடுத்து அடுத்ததை ஊற்றினால் போதும்.

முதல் ஷாட்டிலும் "ஒட்டவே ஒட்டாது" என்று எழுதக் கை துறுதுறுத்தது. புதுக் கல்லில் முதல் தோசை ஒட்டத்தான் செய்யும், அது எந்த வீட்டுக்கும் தெரியும். அதனால் "பழக்கிய" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

படப்பிடிப்பு ஞாயிறு காலை. கேமரா என் போன்தான். கறுப்புக் கல், வெள்ளை மாவு. இரண்டும் சேர்ந்தால் போன் குழம்பிவிடுகிறது. கல்லைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது, கல் சாம்பல் நிறமாகிறது, மாவு வெள்ளைத் திட்டாக வெடிக்கிறது. மாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்த பிறகுதான் மாவில் கரண்டி சுழன்ற வரிகள் தெரிந்தன. கிட்டே போனால் ஆவி லென்ஸில் படிந்து எல்லாம் பனிமூட்டம். இரண்டடி தள்ளி நின்று, 2x வைத்து எடுத்தேன். ஆவியும் படியவில்லை, ஃபோகஸும் தவறவில்லை.

டியூப்லைட்டை மட்டும் நம்பி எடுத்த ஷாட்கள் எல்லாம் வீண். படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுக்குகிறது. ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தினால் போய்விடும். நான் அதற்குள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் ஒற்றை அடுப்பை நகர்த்திவிட்டேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஓரம் எழும்போது அடியில் விழும் நிழல், தோசை ஒட்டவில்லை என்பதை எந்த வரியையும்விடத் தெளிவாகச் சொன்னது.

தோசை வேக ஒன்றரை நிமிடம் ஆகிறது, நமக்கு இருப்பதோ நாலு விநாடி. வேகும் நேரத்தை வேகமாக ஓட்டிக் காட்டலாமா என்று பார்த்தேன், கார்ட்டூன் மாதிரி இருந்தது. வெந்து முடிந்த நொடியிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

எடிட் முடித்ததும் சத்தத்தை அணைத்து அத்தையிடம் காட்டினேன். "என்னங்க அத்தை புரிஞ்சுது?" என்றேன். "கல்லு கனமா இருக்கும், ரெண்டரைக் கிலோகிட்ட. கரண்டி தரமாட்டீங்க. ஆமா, அந்த வெங்காய எழுத்து படிக்கிறதுக்குள்ள ஓடிப்போச்சு கண்ணு" என்றார். அந்த வரி அப்போது ஒன்பது சொல். ஐந்தாகக் குறைத்தேன்.

ஏற்றினோம். மறுநாள் நிராகரிப்பு. வீடியோவில் தொடர்பு எண் இருக்கிறதாம். நாங்கள் எங்கே எண் போட்டோம் என்று பத்து முறை ஓட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் கொழுந்தன்தான் நிறுத்திக் காட்டினார்: கடைசி ஷாட்டில், பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எங்கள் செல் நம்பர். நான்கு விநாடிக்காக மறுபடி பெட்டி, மறுபடி ஜன்னல். மதிய வெயிலில் எடுத்ததால் அந்த ஷாட் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக நிற்கிறது. இப்போதும் எனக்குக் கண்ணில் குத்தும். வேறு யாரும் இதுவரை கேட்கவில்லை.

வீடியோ போய் இரண்டு மாதம் ஆகிறது. கனம் என்று திருப்பி அனுப்பியவர் ஒருவர்தான், கரண்டியைக் கேட்டு ஒருவருமில்லை. ஆனால் கேள்விப் பகுதியில் புதிதாக ஒன்று வந்துகொண்டே இருக்கிறது: இண்டக்‌ஷனில் வைக்கலாமா? வைக்கலாம், அடிப்பக்கம் தட்டைதான். ஆனால் முப்பது விநாடியில் அடிப்பக்கத்தை நாங்கள் ஒருமுறைகூடத் திருப்பிக் காட்டவில்லை. கை வைத்து அளவு காட்டும் ஷாட்டில் இரண்டு விநாடி பிடுங்கலாம் என்று பார்க்கிறேன். அத்தை இந்த ஞாயிறும் மாவு ஆட்டுகிறார்.