ஜப்பான் டீமுக்கு மெயில் எழுதும்போது

"லெட்ஸ் டச் பேஸ் பை இஓடி" என்று ஒசாகாவுக்கு எழுதாதீர்கள். டச் பேஸ் என்றால் தொடர்புகொண்டு பேசுவது; பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. அகராதியில் தனித்தனியாகத் தேடினால் பொருள் கிடைக்காது. இஓடி என்றால் யாருடைய நாள் முடிவு? ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். "டெஸ்ட் ரிப்போர்ட்டை ஜூன் 12, வியாழன், ஜப்பான் நேரம் மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள்" என்பதை நேரடியான ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

அப்புறம், சின்னச் சொல்தான் எளிது என்று நினைக்க வேண்டாம். 'புட் ஆஃப்' என்பதைவிட 'போஸ்ட்போன்' அவர்களுக்குச் சுலபம், ஒரே சொல்லாகத் தேடலாம். 'டேபிள்' இன்னும் ஆபத்து: அமெரிக்கருக்கு அது ஒத்திவைப்பது, பிரிட்டிஷாருக்கு விவாதத்துக்கு எடுப்பது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அதில் குழம்புவார்கள்.